சிம் துண்டிப்புக் குறுஞ்செய்தி: குடியிருப்போர் கவனத்திற்கு

வில்லிவாக்கம், சென்னை

நம் குடியிருப்பில் இருவருக்கு நேற்றுக் காலை வந்த குறுஞ்செய்தியை, அதிலிருந்த கைபேசி எண்ணை மட்டும் நீக்கிவிட்டு, அப்படியே கீழே தருகிறேன்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் சிம் கார்டின் கேஒய்சி சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது. இன்று இரவு 8 மணிக்குள் முடிக்காவிடில் தங்கள் எண் நிறந்தரமாகத் துண்டிக்கப்படும். சரிபார்ப்பு அதிகாரியை உடனே அழைக்கவும்."

'நிரந்தரம்' என்பதில் வல்லின றகரம் வந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால், பிழையே இல்லாமல் எழுதப்பட்டிருந்தாலும் இது மோசடிதான். தொலைபேசி நிறுவனங்களின் அறிவிப்புகள் எழுத்துகளாலான பதிவு செய்யப்பட்ட பெயரில் வருமேயன்றி, இது வந்ததுபோல் யாரோ ஒருவருடைய பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. அந்தப் பெயரையும் போலியாக்க முயல்வார்கள் என்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது.

இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அந்த எண்ணை அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசியவர் "அம்மா, அம்மா" என்று மிகப் பணிவாகப் பேசி, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, அதில் தோன்றிய ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறார். அது கைபேசித் திரையை அவருக்குக் காட்டிவிடும் செயலி. அடுத்து, சரிபார்ப்புக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்தச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பத்து ரூபாய் அல்ல. அதைச் செலுத்தும்போது நாம் தட்டும் அட்டை விவரங்களும், தொடர்ந்து வரும் ஓடிபியும்தான். மூக்குக் கண்ணாடி கிடைக்காமல் அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பால் பாக்கிக்காக வந்த பையன் விஷயத்தைக் கேட்டுக் கைபேசியை வாங்கி அணைத்துவிட்டான். பணம் எதுவும் போகவில்லை.

இதே செய்தி உங்களுக்கும் வந்தால் அந்த எண்ணை அழைக்காதீர்கள். சந்தேகம் இருப்பின், அருகிலுள்ள உங்கள் நிறுவனத்தின் கடைக்கு நேரில் சென்று கேட்டுக்கொள்ளலாம். செய்தியை அழித்துவிடாமல், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யுங்கள். எவரேனும் ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்திருந்தால், முதலில் வங்கியை அழைத்து அட்டையையும் இணையவழிப் பரிவர்த்தனையையும் முடக்கச் சொல்லிவிட்டு, உடனே 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகாரைப் பதிவு செய்ய வேண்டும். வெட்கப்பட்டு மறுநாள்வரை காத்திருந்தால், அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறிப்போய்விடும். விரைவில் சொன்னால்தான் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். படித்துக் காட்ட ஆள் இல்லாதவர்கள், மாலை 5 மணிக்கு மேல் தரைத்தளத்தில் உள்ள சங்க அறைக்குக் கைபேசியுடன் வரலாம். நான் அங்கே இருப்பேன்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்