சுயவிவரம்: இரா. முத்துவேலன், சுங்கத் தீர்வு மற்றும் சரக்கு அனுப்புதல் எக்சிகியூட்டிவ்

விண்ணப்பிக்கும் பணி: சீனியர் எக்சிகியூட்டிவ், இறக்குமதி கிளியரன்ஸ், சென்னை
அனுபவம்: 9 ஆண்டுகள் (ஜூன் 2016 முதல்)
உரிமம்: சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் 2018-இன் கீழ் ஜி கார்டு
தொடர்பு எண்ணும் முகவரியும் விண்ணப்ப மின்னஞ்சலில் உள்ளன. இப்போதும் வேலையில் இருப்பதால் நிறுவனங்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை, நேர்காணலில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி

கப்பல் வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே காகிதத்தை முடித்து வைப்பதுதான் என் வேலைமுறை. தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டில் நின்று தொழில் கற்றேன். பிறகு சென்னையில் ஃபார்வர்டிங் டெஸ்க்கில் இருந்தேன். கடந்த ஐந்து ஆண்டுகளாக இறக்குமதி கிளியரன்ஸ் பார்க்கிறேன். கள வேலையும் ஆவண வேலையும் தெரிந்ததால், இன்வாய்ஸில் ஒரு வரி தப்பாக இருந்தால் யார்டில் எத்தனை நாள் போகும் என்று முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

கையாண்ட சரக்கின் அளவு

2024-25 நிதியாண்டில் எங்கள் மூவர் அணி 1,680 பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்தது. செக்லிஸ்ட் முதல் அவுட் ஆஃப் சார்ஜ் வரை நான் முழுப் பொறுப்பேற்றவை 640. அதில் எஃப்சிஎல் 380 (மொத்தம் 1,150 டிஇயு), எல்சிஎல் 170, விமானச் சரக்கு 90. இதோடு 210 ஷிப்பிங் பில்களும் என் கையில் இருந்தன. எஃப்சிஎல்லில் 210 சரக்குகள் டிபிடி முறையில் நேராகத் துறைமுகத்திலிருந்தே வெளியே போயின.

கடல்வழி 550 பில்களில் 531 உரிய நேரத்துக்குள் தாக்கலாயின. 2021-க்குப் பிறகு, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, அதற்கப்புறம் ரூ.10,000 தாமதக் கட்டணம். மீதி 19-இல் 14-க்கு வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து ஆவணம் வராதது காரணம். 5 எங்கள் பக்கத் தவறு. அந்த ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றில் கப்பல் குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை. இப்போது இடிஏ-வைத் தினமும் இருமுறை பார்க்கிறோம்.

இப்போதைய பணி: இறக்குமதி கிளியரன்ஸ் எக்சிகியூட்டிவ், சென்னை (செப்டம்பர் 2020 முதல்)

எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இயந்திர உதிரிபாகம், மின்சாதனம், பிளாஸ்டிக் மூலப்பொருள், தொழிற்சாலை ரசாயனம் இறக்குமதி செய்பவர்கள். அதாவது அத்தியாயம் 29, 39, 84, 85, 90 ஆகியவை.

நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்த ஆண்டுதான் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் நாடு முழுவதும் வந்தது. சென்னையில் பில் போட்டால் வேறு ஊரில் உள்ள அதிகாரி மதிப்பிடுவார்; அவர் சரக்கையும் பார்க்க மாட்டார், நம்மையும் பார்க்க மாட்டார். முன்பு கவுன்டரில் இரண்டு நிமிடத்தில் விளக்கியதை இப்போது எழுத்தில் விளக்க வேண்டும். என் வேலையில் அதிக உழைப்பு போட்டதும், அதிகப் பலன் கிடைத்ததும் இங்கேதான்.

உதாரணத்துக்கு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள். இன்வாய்ஸில் வெறுமனே "கன்ட்ரோலர்" என்று இருந்தால் 8504-ஆ, 8537-ஆ, 9032-ஆ என்று கேள்வி வரும். அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பொருள்வாரியாக ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தேன்: பொருள் என்ன வேலை செய்கிறது, எதனால் ஆனது, எந்த இயந்திரத்தில் போகிறது, எச்எஸ் கோடு ஏன் இது, ஒத்த வேறு தலைப்பு ஏன் பொருந்தாது. கேட்டலாக் பக்கத்தோடு இதை இ-சஞ்சித்தில் ஏற்றிவிடுவோம். 2021-22-இல் நூறு பில்லுக்கு 22 கேள்விகள் வந்தன. 2024-25-இல் 9 ஆகக் குறைந்தது. கேள்வி வந்தாலும் அன்றே பதில் போட முடிகிறது, ஏனென்றால் பதில் ஏற்கெனவே எழுதி வைத்ததுதான்.

வகைப்பாட்டில் வரி வித்தியாசம் வரும்போது வாடிக்கையாளர் குறைந்த வரியைத்தான் விரும்புவார். ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எழுத்தில் சொல்லிவிடுவேன். இரண்டு முறை வாடிக்கையாளரைக்கூட இழந்திருக்கிறோம், ஆனால் அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார்.

வரிச்சலுகை ஒப்பந்தச் சரக்குகளில் ஆசியான் நாடுகள், ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான், கொரியா ஆகியவற்றின் மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறேன். கரோட்டார் 2020 வந்தபிறகு சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். படிவம் 1-ஐ வாடிக்கையாளரோடு உட்கார்ந்து நிரப்புவேன். சான்றிதழில் உள்ள எச்எஸ் கோடு, எடை, இன்வாய்ஸ் எண் சரியா, பில் ஆஃப் லேடிங்படி சரக்கு மூன்றாம் நாடு வழியாக வருகிறதா என்பதைக் கப்பல் கிளம்பும் வாரமே பார்த்துவிடுகிறேன். துறைமுகத்துக்கு வந்தபின் சான்றிதழைத் திருத்தி வாங்குவது மிகவும் கடினம்.

மற்றபடி பிஐஎஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ, தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதிகள் (ஸ்விஃப்ட் வழி), எஃகுக்கு சிம்ஸ் பதிவு, ஈபிசிஜி மற்றும் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் பாண்டுகள், கிடங்கு மற்றும் எக்ஸ்-பாண்ட் பில்கள், தற்காலிக மதிப்பீடு ஆகியவை வழக்கமான வேலை. ஐஜிஎம் திருத்தம், டெலிவரி ஆர்டர், டியூட்டி செலுத்துதல், கன்டெய்னர் பரிசோதனைக்கு சிஎஃப்எஸ்ஸில் உடன் நிற்பது, டிரெய்லர் ஏற்பாடு வரை பார்த்துக்கொள்கிறேன்.

முந்தைய பணி: ஃபார்வர்டிங் எக்சிகியூட்டிவ், சென்னை (மார்ச் 2018 – ஆகஸ்ட் 2020)

வெளிநாட்டு ஏஜென்ட்களோடு கட்டண ஒப்பீடு, புக்கிங், ஹவுஸ் பில் தயாரிப்பு, ப்ரீ-அலெர்ட், விஜிஎம் சமர்ப்பிப்பு. மாதம் சராசரியாக 70 சரக்குகள், ஏற்றுமதி இறக்குமதி கலந்து.

2019-இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஹவுஸ் பில்லில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து தப்பி ஐஜிஎம் அப்படியே போய்விட்டது. திருத்தம் முடிய ஐந்து நாள் ஆனது. டெமரேஜும் டிடென்ஷனும் சேர்ந்து வாடிக்கையாளருக்கு நஷ்டம். வரைவைச் சரிபார்த்தது நான். அன்றிலிருந்து வரைவு பில்லை வாய்விட்டுப் படித்து, இன்னொருவர் எண்ணைத் திரையில் பார்த்து ஒப்பிடும் வழக்கத்தை எங்கள் டெஸ்க்கில் கொண்டுவந்தேன். நான் விலகும்வரை அந்த வகைத் தவறு மறுபடி வரவில்லை.

முதல் பணி: கள உதவியாளர், பின்பு ஏற்றுமதி ஆவண எக்சிகியூட்டிவ், தூத்துக்குடி (ஜூன் 2016 – பிப்ரவரி 2018)

எச் கார்டோடு சேர்ந்தேன். ஜவுளி, கயிறு, தென்னை நார், உப்பு ஏற்றுமதி ஷிப்பிங் பில்கள், லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் வரை தொடர்ந்து பார்ப்பது, கன்டெய்னர் நிரப்பும் இடத்தில் சீல் எண் குறிப்பது எல்லாம் செய்தேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் ஏற்றுமதியாளர்களின் ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் சிக்கியது. ஷிப்பிங் பில்லிலும் ஜிஎஸ்டிஆர்-1-இலும் இன்வாய்ஸ் எண் வேறு வேறாக இருந்ததால் ஐஸ்கேட்டில் SB005 பிழை காட்டியது. எங்கள் வாடிக்கையாளர்களின் 312 பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கன்கார்டன்ஸ் பட்டியல் தயாரித்து சுங்க அதிகாரியிடம் கொடுத்தேன். பின்னர் 287-க்கு ரீஃபண்ட் வந்துவிட்டது. சிறு ஏற்றுமதியாளருக்குப் பணம் நின்றால் கூலி நின்றுவிடும் என்பதை நேரில் பார்த்ததால், இன்றும் ஏற்றுமதியில் இஜிஎம் பொருந்தியதா என்று நானே சரிபார்க்கிறேன். டிராபேக், ரோடெப் கோரிக்கைகளிலும் இந்தப் பழக்கம் உதவுகிறது.

துறைமுக அனுபவம்

சென்னைத் துறைமுகம் (INMAA1): தினசரி வேலை, ஐந்து ஆண்டுகள்.
காட்டுப்பள்ளி (INKAT1), எண்ணூர் காமராஜர் (INENR1): வாரம் இரண்டு மூன்று முறை. அங்கே நெரிசல் நேரத்தில் டிரெய்லர் வரிசையைக் கணக்கில் வைத்தே டெலிவரி தேதி சொல்வேன்.
தூத்துக்குடி வ.உ.சி. (INTUT1): கள அனுபவம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.
சென்னை விமானச் சரக்கு வளாகம் (INMAA4): அவசர உதிரிபாகங்கள்.
கொச்சி (INCOK1), நவசேவா (INNSA1): அங்குள்ள துணைத் தரகர் வழியாக ஆவண ஒருங்கிணைப்பு மட்டும், நேரடிக் களப்பணி இல்லை.

மென்பொருள்

ஐஸ்கேட், இ-சஞ்சித் நாள்தோறும். தாக்கலுக்கு லாஜிசிஸ், அதற்கு முன் விஷுவல் இம்பெக்ஸ். டெலிவரி ஆர்டருக்கும் லைன் கட்டணத்துக்கும் ஒடெக்ஸ். கார்கோவைஸில் அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றிருக்கிறேன். நிறுவனத்தில் அது இருந்தால் ஒரு மாதத்தில் தேர்ந்துவிடுவேன். எக்செல்லில் பிவட், விலுக்அப் வரை வரும். கப்பல் தேதி, இலவச நாள் முடியும் தேதி, டியூட்டி நிலவரம் ஆகியவற்றை ஒரே தாளில் காட்டும் டிராக்கரை நானே செய்தேன். மூன்று பேரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கல்வி, தகுதி

பி.காம்., 2015. எச் கார்டு 2016. ஜி கார்டு தேர்வில் 2021-இல் தேர்ச்சி. தமிழ், ஆங்கிலம் எழுதவும் பேசவும். இந்தியும் மலையாளமும் பேசுமளவு, யார்டில் ஓட்டுநர்களோடு பழகி வந்தவை.

பணிநிலை

முன்னறிவிப்புக் காலம் 45 நாள். கையில் உள்ள பில்களை ஒப்படைக்காமல் கிளம்ப மாட்டேன் என்பதால் அதைக் குறைக்கக் கேட்கப்போவதில்லை. இரவில் கப்பல் வந்தால் தொலைபேசியை எடுப்பேன். தேவைப்பட்டால் சிஎஃப்எஸ்ஸுக்குப் போவேன். சென்னையில் எங்கும் பணிபுரியலாம். பரிந்துரைக்கு இரு வாடிக்கையாளர்களும் முன்னாள் மேலாளர் ஒருவரும் சம்மதித்திருக்கிறார்கள். நேர்காணலுக்குப் பிறகு விவரம் தருகிறேன்.

மேலே உள்ள எண்கள் என் பதிவேடுகளிலிருந்து எடுத்தவை, உண்மையானவை என்று உறுதி அளிக்கிறேன். கேட்டால் வாடிக்கையாளர் பெயர் மறைத்து மாதவாரிப் பட்டியலைக் காட்ட முடியும்.

இரா. முத்துவேலன்
சென்னை, ஜூலை 2025