பொருள்: கன்வேயர் ஷாஃப்ட் 120 எண்ணம் – டிராயிங்கில் உள்ள டாலரன்ஸும் விலையும்

வணக்கம் மேடம்,

கோட்டேஷன் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஒரு ஷாஃப்டுக்கு 1,480 ரூபாய் என்பது இந்த அளவுள்ள இஎன்8 ஷாஃப்டுக்குப் பெரிய தொகைதான். அதில் மெட்டீரியல் 190 ரூபாய் மட்டுமே. மிச்சப் பணத்தில் பெரும்பகுதியை டிராயிங்கில் உள்ள ±0.002 மி.மீ. டாலரன்ஸ் தின்றுவிடுகிறது. அது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன். அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்பதையும் சொல்கிறேன்.

±0.002 என்றால் மேலும் கீழும் சேர்த்து மொத்தமே 4 மைக்ரான். நல்ல சிஎன்சி லேத்தில் டர்னிங் செய்தே ±0.01 எடுத்துவிடலாம், இன்சர்ட் தேய்வதைக் கவனித்து ஆஃப்செட் கொடுத்தால் போதும். 4 மைக்ரானுக்கு லேத் உதவாது, எல்லா விட்டத்தையும் சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்கில் ஏற்ற வேண்டும். உங்கள் டிராயிங்கில் 25 மி.மீ. பேரிங் சீட் இரண்டு, 22 மி.மீ. புல்லி சீட், நடுவில் எதோடும் சேராத 32 மி.மீ. பகுதி, நான்குக்கும் ஒரே ±0.002 இருக்கிறது.

கிரைண்டிங்கில் ஏற்றினால் மட்டும் 4 மைக்ரான் வந்துவிடாது. கிரைண்டிங் முடிந்து இறங்கும் ஷாஃப்ட் கூலண்ட் ஓடியும் லேசான சூட்டில் இருக்கும். 25 மி.மீ. ஸ்டீல் 10 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 3 மைக்ரான் கூடும். அதாவது நீங்கள் கொடுத்த மொத்த இடத்தில் முக்கால்வாசியைச் சூடு மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு ஷாஃப்டையும் ஆற வைத்து, மாஸ்டரோடு ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு கம்பேரேட்டரில் பார்த்து, மறுபடி சென்டரில் பிடித்து ஒன்றிரண்டு மைக்ரான் இறக்கி, ஸ்பார்க் அவுட் விட்டு, திரும்ப அளக்க வேண்டும். 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் இங்கே போதாது. பிடிக்கும் கையைப் பொறுத்தே ஒரு மைக்ரான் மாறும். வீலுக்கும் அடிக்கடி டிரெஸ்ஸிங் போட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சில ஷாஃப்ட் அளவுக்குக் கீழே போகும். போனதை மீட்க வழி கிடையாது. அந்த நஷ்டத்துக்கு மட்டும் ஒரு ஷாஃப்டுக்கு 240 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கிரைண்டிங் 560, இன்ஸ்பெக்ஷன் 180, டர்னிங்கும் கீவேயும் 310.

செலவை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த ±0.002 உங்கள் பேரிங்குக்கு நல்லதே செய்யவில்லை. 6205 பேரிங்கின் உள்விட்டம் சாதாரண கிளாஸில் 25.000-இலிருந்து 24.990 வரை வரும். உங்கள் ஷாஃப்ட் 24.998-இலும், பேரிங் 25.000-இலும் வந்தால் 2 மைக்ரான் லூஸ். டிராயிங்படி இரண்டுமே சரியான பார்ட்தான், ஆனால் சுற்றுவது ஷாஃப்ட் என்பதால் பெல்ட் இழுப்பில் இன்னர் ரிங் மெதுவாக ஷாஃப்டின் மேல் நகர ஆரம்பிக்கும், நாளடைவில் சீட் தேயும். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் 4 மைக்ரான் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இன்னொன்று, அதே சீட்டுக்கு Ra 1.6 கேட்டிருக்கிறீர்கள். அந்த ஃபினிஷில் மேட்டிலிருந்து பள்ளம் வரை உள்ள உயரமே 4 மைக்ரானைத் தாண்டிவிடும். பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது அந்த மேடுகள் நசுங்கும், நாங்கள் அளந்து கொடுத்த சைஸ் அங்கேயே மாறிவிடும்.

அதனால் என் யோசனை இது:

பேரிங் சீட் இரண்டுக்கும் 25 k6, அதாவது 25.002 முதல் 25.015 வரை. ஃபினிஷ் Ra 0.8. பேரிங் எந்த அளவில் வந்தாலும் குறைந்தது 2 மைக்ரான் இறுக்கம் இருக்கும், லூஸுக்கு வழியே இல்லை. அதிகபட்சம் 25 மைக்ரான் இறுக்கம் வரலாம். அப்போது பேரிங்குக்குள் இருக்கும் கிளியரன்ஸ் குறையும் என்பதால் C3 பேரிங் போடுங்கள். அது கடையில் எளிதாகக் கிடைக்கும்.

புல்லி சீட்டுக்கு 22 h7, அதாவது 22.000 முதல் 21.979 வரை, டர்னிங்கிலேயே முடித்துத் தருகிறோம். புல்லி H7 போர், கீயும் கிரப் ஸ்க்ரூவும் இருப்பதால் இந்த வேகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. புல்லி ஆட்டம் உங்கள் மெஷினில் பிரச்சினை ஆகும் என்றால் சொல்லுங்கள், h6 வைத்து கிரைண்டிங் செய்து தருகிறேன், ஷாஃப்டுக்கு 45 ரூபாய் கூடும்.

நடுவில் உள்ள 32 மி.மீ. பகுதிக்கு ±0.1, Ra 3.2. அதை எதுவும் தொடுவதில்லை, கிரைண்டிங் வேண்டாம்.

இரண்டு ஷோல்டருக்கும் நடுவே 210 ±0.01 என்று இருப்பதை ±0.1 ஆக்கலாம். ஒரு பேரிங்கை ஹவுசிங்கில் பூட்டி, மற்றதை நீளவாக்கில் நகர விட்டிருந்தால் இது தாராளமாகப் போதும். இரண்டு பக்கமும் கவர் அடித்துப் பூட்டியிருக்கிறீர்களா என்பது டிராயிங்கில் தெரியவில்லை. அப்படி இருந்தால் முதலில் அதை மாற்றுவது நல்லது, ஏனென்றால் ஓடும்போது ஷாஃப்ட் சூடேறி நீளும், அதற்கு இடம் வேண்டும். இதை மட்டும் அசெம்பிளி டிராயிங்கில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரிங் சீட்டுக்கும் நடுவே உள்ள ரன்-அவுட் 0.01 அப்படியே இருக்கட்டும். ஷாஃப்ட் சத்தமில்லாமல் ஓடுவது அதில்தான் இருக்கிறது. இரண்டு சீட்டையும் ஒரே சென்டரில் பிடித்து கிரைண்டிங் செய்வதால் அது எங்களுக்குக் கூடுதல் செலவில்லாமல் வந்துவிடும். கீவே 6 P9 என்று கொடுத்ததும் சரிதான், மாற்றம் வேண்டாம்.

இப்படிச் செய்தால் விலை 690 ரூபாய். மெட்டீரியல் அதே 190, டர்னிங்கும் கீவேயும் 260, இரண்டு சீட் மட்டும் கிரைண்டிங் 190, இன்ஸ்பெக்ஷன் 30, ரிஜெக்ஷனுக்கு 20. k6-இலும் 13 மைக்ரான்தான் இடம், ஆனால் அது எங்கள் கிரைண்டர் நாள் முழுக்க ஓடிப் பழகிய அளவு. ஸ்னாப் கேஜ் வைத்துப் பார்த்தே ஆபரேட்டர் ஓட்டிவிடுவார். 120 ஷாஃப்டுக்கு 1,77,600-க்குப் பதில் 82,800 ரூபாய். டெலிவரியும் ஐந்து வாரத்திலிருந்து இரண்டரை வாரத்துக்கு வந்துவிடும். ஜிஎஸ்டி தனி.

±0.002 உங்கள் வாடிக்கையாளர் கேட்டதாக இருந்து, மாற்றவே முடியாது என்றால் பழைய விலையிலேயே செய்து தருகிறேன். அப்போதும் 25 ±0.002 என்பதை 25.004 முதல் 25.008 வரை என்று மேலே ஏற்றிப் போடுங்கள். இடம் அதே 4 மைக்ரான்தான், விலையும் மாறாது, பேரிங் லூஸாகாது.

சரி என்றால் டிராயிங்கைத் திருத்தி வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். k6 அளவில் முதலில் இரண்டு ஷாஃப்ட் செய்து, சைஸ் ரிப்போர்ட்டோடு அனுப்பி வைக்கிறேன், அதற்குத் தனிச் சார்ஜ் இல்லை. பேரிங்கை ஏற்றி ஓட்டிப் பார்த்து நீங்கள் சொன்ன பிறகு மிச்சம் 118-ஐ ஆரம்பிக்கிறோம்.

நன்றி.

மெஷின் ஷாப் உரிமையாளர்
கணபதி, கோயம்புத்தூர்