கொதித்தாறிய தண்ணீர்க் கும்மி

வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்காக இந்தக் கும்மி எழுதப்பட்டுள்ளது. ஒரே நாளில் முழுவதையும் சொல்லித்தர முயல வேண்டாம். ஒரு சந்திப்புக்கு இரண்டு அல்லது மூன்று செய்யுள் போதும். நீங்கள் முதலடியைப் பாடினால் குடும்பத்தினர் அடுத்த அடியைத் திருப்பிப் பாடட்டும்; இடையிடையே வரும் குறிப்புகள் உங்களுக்கானவை, அவற்றைப் பேச்சாகச் சொல்லலாம்.

தெள்ளத் தெளிந்துள்ள தண்ணீரே ஆயினும்
தீமைக் கிருமிகள் உண்டம்மா;
உள்ளங்கை ஏந்திநாம் பார்த்தாலும் தெரியாது,
ஓங்கிக் கொதித்திட மாளும்அம்மா.

மண்டி கலங்கிய தண்ணீரை அப்படியே
மண்படி யும்வரை விட்டிடுவோம்;
கண்டு தெளிந்தபின் மேல்நீரை நான்மடிக்
காடாத் துணியில் வடித்திடுவோம்.

வடிகட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாகச் சிலர் எண்ணுவார்கள். துணி மண்ணையும் தூசியையும் பிடிக்குமே அன்றி, வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களைத் தரும் கிருமிகள் அதன் இழைகளுக்கு இடையே எளிதாகப் புகுந்துவிடும். வடிகட்டும் துணியையும் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

ஓரம் குமிழ்விடும் வேளையில் நம்பியே
ஒருபோதும் தீயை அணைக்காதீர்;
நீரெல்லாம் மேலெழுந் தேபுரண் டாடியே
நிற்காமல் பொங்கிடக் காத்திருப்பீர்.

தள்ளித் தளதள என்று புரண்டபின்
தாமதித் தொருநிமி டம்விடுவீர்;
உள்ளஊர் ஓங்கு மலைமேல் இருக்குமேல்
ஒன்றல்ல, மூன்று நிமிடம்அம்மா.

இந்த இரண்டு செய்யுள்களையும் அடுப்பின் அருகிலேயே நின்று பாடிக் காட்டுங்கள். தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் கடுகளவு குமிழ்கள் ஒட்டிக்கொண்டு தோன்றும். அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை, கொதியின் அடையாளம் அல்ல. ஆவி பறப்பதைப் பார்த்ததும் இறக்கிவிடுபவர்களும் உண்டு. அடியிலிருந்து பெரிய குமிழ்கள் விடாமல் எழுந்து, நடுப்பகுதி உட்பட மேற்பரப்பு முழுவதும் புரளும்போதுதான் தண்ணீர் கொதித்ததாகக் கொள்ள வேண்டும். கடிகாரம் இல்லாத வீட்டில், அந்த நிலை வந்த பிறகு ஒன்றிலிருந்து நூறு வரை நிதானமாக எண்ணச் சொன்னால் ஒரு நிமிடம் கடந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே மூன்று நிமிடம். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று கொதிக்கவைக்கும் பழக்கத்தால் கூடுதல் பயன் இல்லை, விறகும் எரிவாயுவும்தான் வீணாகும். செலவுக்கு அஞ்சிக் கொதிக்கவைப்பதையே கைவிட்ட குடும்பத்திடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூடி இறக்கிய பாத்திரம் ஆறட்டும்,
மூடியைப் பாதியில் நீக்காதீர்;
சூடு தணிந்திடப் பச்சைத்தண் ணீரிலே
சொட்டொன்று கூடக் கலக்காதீர்.

பிள்ளை தவழ்ந்திடும் வீட்டிலே பானையைப்
பின்தள்ளி மேடையில் வைத்திடுவீர்;
துள்ளும் கொதிநீர் கவிழ்ந்தால் உடம்பெல்லாம்
தோலுரிந் தேபோகும், காத்திடுவீர்.

பனிக்கட்டி போட்டு ஆற்றுவதும் பச்சைத்தண்ணீர் கலப்பதற்குச் சமமே. இரவில் கொதிக்கவைத்து மூடிவைத்தால் காலையில் ஆறிய தண்ணீர் தயாராக இருக்கும்.

வாயகன்ற பானைக்குள் கைவிட்டால் நோயங்கே
வந்து நுழைந்திட வாசலம்மா;
தூய குறுவாய்க் குடத்துக்கு மூடியும்
தோதாய்த் திருகும் குழாயும்நன்று.

நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டிடில்
நீரிலே விரல்படா தேயம்மா;
மீண்டும் அகப்பையைக் கீழே கிடத்தாமல்
மேலுள்ள ஆணியில் மாட்டிடுவீர்.

சோப்பிட்டுப் பாத்திரம் தேய்த்துக் கழுவியே
சுடவைத்த நீரால் அலசிடுவீர்;
காப்பிட்ட கையையும் சோப்பிட்டுத் தேய்த்துநாம்
கழுவிய பின்னரே மொண்டிடுவோம்.

என் கருத்தில், இந்தக் கும்மியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. குளோரின் கலந்த தண்ணீரில் அந்த மருந்து சிறிது எஞ்சி நின்று பிறகு விழும் கிருமிகளையும் ஓரளவு தடுக்கும். கொதிக்கவைத்த தண்ணீருக்கு அப்படி எஞ்சி நிற்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆறிய பின் ஒரு விரல் பட்டால்கூட, கொதிக்கவைத்த உழைப்பு வீணாகலாம். எனவே இயன்றவரை கொதித்த பாத்திரத்திலேயே தண்ணீரை வைத்திருக்கச் சொல்லுங்கள். வேறு குடத்துக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால், அது கழுவிய குடமாகவும் மூடியுள்ளதாகவும் இருக்கட்டும். குடிக்கும் டம்ளரையே பானைக்குள் விட்டு மொள்ளும் வீட்டில் யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். அகப்பையை எங்கே மாட்டலாம் என்று அவர்களோடு சேர்ந்து இடம் பாருங்கள். குடம் தரையிலிருந்து உயரமாக, கோழியும் நாயும் சிறு குழந்தைகளும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

நேற்றுக் கொதித்தநீர் எஞ்சி இருந்திடில்
நினைந்து குடிக்காமல் நீக்கிடுவீர்;
மாற்றிச் செடிக்கதை ஊற்றிக் கழுவியே
மறுபடி புதுநீர் கொதிக்கவைப்பீர்.

ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்துக்கு, வேண்டிய அளவு மட்டும் கொதிக்கவைத்தால் போதும். பாத்திரம் கழுவவும் பாலில் கலக்கவும் பல் துலக்கவும் ஆகும் தண்ணீரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆறுமா தம்வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலே
ஆகாரம், நீரும் அதுவேயாம்;
வேறுநீர் ஊற்றிட வேண்டாம், கொதித்ததும்
வேண்டாம் எனவே விளக்கிடுவீர்.

கோடைக்காலத்தில் குழந்தைக்குத் தாகம் எடுக்குமே என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உப்புநீர் காய்ந்தாலும் உப்புதான், நஞ்சுள்ள
ஊற்றுநீர் காய்ந்தாலும் நஞ்சுதான்;
தப்பாமல் சோதனை செய்தபின் வேறிடத்
தண்ணீரைத் தேடிடச் சொல்லிடுவீர்.

ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் ஆகியவை கொதியில் மாளும் உயிர்கள் அல்ல; தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடவே செய்யும். பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் பலர் உள்ள ஊரில் இந்தச் செய்யுளை விட்டுவிடாதீர்கள். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

பேதி பிடித்திடில் உப்புச்சர்க் கரைப்பொடி
பெய்த கொதித்தாறும் நீர்கொடுப்பீர்;
பாதியாய்ப் போடாமல் பொட்டலம் முழுவதும்
பார்த்தள வாகக் கரைத்திடுவீர்.

பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவே ஊற்ற வேண்டும். பெரும்பாலும் அது 1 லிட்டராக இருக்கும், சிறிய பொட்டலங்களுக்கு 200 மில்லி லிட்டர். அளவு குறைந்தால் கரைசலில் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். பேதியில் இரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, கரைசலைக் கொடுத்துக்கொண்டே உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.