விபத்துக் காயம் மற்றும் ஊன மதிப்பீட்டு மருத்துவ அறிக்கை

பெறுநர்: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்
பொருள்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் தாக்கலான மனு. மனுதாரரின் காயங்களும் ஊனமும்
பரிசோதித்த நாள்: 09.11.2023
பரிசோதிக்கப்பட்டவர்: திரு. முருகேசன், ஆண், வயது 42, கொத்தனார்
அங்க அடையாளங்கள்: இடது தோள்பட்டையில் கருப்பு மச்சம், வலது புருவத்தின் மேல் பழைய தழும்பு

பார்வையிட்ட ஆவணங்கள்: விபத்துப் பதிவேட்டின் நகல், உள்நோயாளிக் குறிப்பேடு, மூன்று அறுவை சிகிச்சைக் குறிப்புகள், விடுவிப்புச் சுருக்கம், 14.03.2022 முதல் 09.11.2023 வரையிலான எக்ஸ்ரே படங்கள், மனுதாரர் தரப்பில் காட்டப்பட்ட, 2023 ஜனவரியில் பெற்ற தனியார் ஊனச் சான்றிதழ்.

விபத்தும் முதல் சிகிச்சையும்

14.03.2022 அன்று இரவு 7.40 மணியளவில் சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதியதாக மனுதாரர் கூறினார். விபத்து நடந்த விதம், யார் பக்கம் தவறு என்பன குறித்து இந்த அறிக்கை எதுவும் கூறவில்லை.

108 ஆம்புலன்ஸில் இரவு 8.25 மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது முழு நினைவுடன் இருந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, ரத்த அழுத்தம் 100/60. மது வாடை இல்லை எனப் பதிவேட்டில் உள்ளது. பதிவான காயங்கள்:

1. வலது முழங்காலுக்குக் கீழே முன்புறம், நடுப்பகுதியில் 9 × 4 செ.மீ. அளவு கிழிந்த காயம். உள்ளே எலும்பு தெரிந்தது, மண் படிந்திருந்தது. பாதத்தின் மேற்புற நாடித்துடிப்பு உணரப்பட்டது. விரல்களில் உணர்ச்சி இருந்தது.
2. இடது முன்கையில் 6 × 3 செ.மீ. சிராய்ப்பு.

எக்ஸ்ரேயில் வலது டிபியா, பிபுலா ஆகிய இரு எலும்புகளும் நடுப்பகுதியில் பல துண்டுகளாக முறிந்திருந்தன. இது திறந்த எலும்பு முறிவு, கஸ்டிலோ வகைப்பாட்டில் 3ஏ. முதல் காயம் கொடுங்காயம், இரண்டாவது சாதாரணக் காயம்.

அன்றிரவே 9 லிட்டர் சலைன் கொண்டு காயம் கழுவப்பட்டு, உயிரற்ற தசையும் ஒட்டில்லாத எலும்புத் துண்டுகளும் அகற்றப்பட்டு, வெளிப்புற ஃபிக்ஸேட்டர் பொருத்தப்பட்டது. 25.03.2022-இல் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப்பட்டது. ஃபிக்ஸேட்டர் 28.03.2022-இல் கழற்றப்பட்டு, பின் துளைகள் காயும்வரை மாவுக்கட்டு போடப்பட்டது. துளைகளில் சீழ் இல்லை என உறுதியானபின் 07.04.2022-இல் டிபியாவுக்குள் லாக்கிங் நெயில், 9 மி.மீ. விட்டம், 32 செ.மீ. நீளம், செலுத்தப்பட்டது. 20.04.2022-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

ஏழு மாதமாகியும் எலும்பு போதிய அளவு சேராததால் 04.11.2022-இல் வெளிநோயாளியாக மேல்பக்க லாக்கிங் ஸ்குரூ ஒன்று எடுக்கப்பட்டது. நடக்கும்போது உடல் எடை முறிவிடத்தை அழுத்தி எலும்பு சேர உதவட்டும் என்பதே இதன் நோக்கம். 2023 மே மாத எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது. சேரத் தாமதமானதற்கு முதன்மைக் காரணம் காயத்தின் கடுமையும் எலும்பு இழப்பும். நாளொன்றுக்கு 10 பீடி புகைக்கும் பழக்கம் இருந்ததாகக் குறிப்பேட்டில் உள்ளது. அதுவும் ஓரளவு தாமதப்படுத்தியிருக்கலாம். சர்க்கரை நோய் இல்லை. இந்தக் காலில் முன்பு காயம் பட்டதற்கான தடயம் இல்லை.

தற்போதைய நிலை

சற்று நொண்டியபடி, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். காயத் தழும்பு 11 × 5 செ.மீ., ஒட்டுத்தோல் மெலிந்து எலும்போடு ஒட்டியுள்ளது. லேசாக இடித்தாலும் உரியக்கூடியது. தற்போது கசிவு இல்லை. காலின் நீளம் இடுப்பெலும்பு முனையிலிருந்து உள் கணுக்கால்வரை வலம் 84.5 செ.மீ., இடம் 87 செ.மீ. ஆக 2.5 செ.மீ. குறைவு. கெண்டைக்கால் சுற்றளவு வலம் 30 செ.மீ., இடம் 33 செ.மீ.

மூட்டு அசைவு கோனியோமீட்டரால் அளக்கப்பட்டது. மனுதாரர் தாமாக அசைத்த அளவே கணக்கில் கொள்ளப்பட்டது; ஒப்பீட்டுக்கு அவருடைய இடது கால்.

கணுக்கால் மேல்–கீழ் அசைவு: வலம் 25°, இடம் 70°. இழப்பு 64.3%.
பாதம் உள்–வெளி அசைவு: வலம் 30°, இடம் 60°. இழப்பு 50%.
முழங்கால் மடக்கம்: வலம் 115°, இடம் 135°. இழப்பு 14.8%.
இடுப்பு மூட்டு: இழப்பு இல்லை.

தசை வலு: கணுக்காலை மேலே தூக்குவது, கீழே அழுத்துவது, வெளியே திருப்புவது, முழங்காலை நீட்டுவது ஆகிய நான்கும் தரம் 4. மற்றவை தரம் 5. கவனம் திருப்பி மீண்டும் சோதித்தபோதும் அளவுகள் மாறவில்லை. வேண்டுமென்றே மிகைப்படுத்தியதாகத் தெரியவில்லை.

இரு கால்களில் நிற்கவும், சமதளத்தில் நடக்கவும், சரிவிலும் படியிலும் ஏறவும், திரும்பவும், சம்மணமிடவும், மண்டியிடவும் முடிகிறது. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. கணுக்கால் மேலே மடங்காததால் குதிகால் தரையில் பதிவதில்லை. வலது காலில் மட்டும் நிற்க முடியவில்லை.

ஊனக் கணக்கு

மத்திய சமூக நீதி அமைச்சகம் 04.01.2018-இல் அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி கணக்கிடப்பட்டது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றுக்கும் 0.30 எடை. மதிப்புகளை இணைக்கப் பயன்பட்ட சூத்திரம் (a பெரிய மதிப்பு, b சிறிய மதிப்பு):

```
a + b(90 − a)/90
```

கணுக்கால்: அசைவு இழப்பின் சராசரி 57.1 × 0.30 = 17.1, வலு இழப்பின் சராசரி 15 × 0.30 = 4.5. இணைத்தால் 20.7.
முழங்கால்: அசைவு 4.4, வலு இழப்பின் சராசரி 10 × 0.30 = 3. இணைத்தால் 7.3.
இரண்டையும் இணைத்த அசைவுப் பகுதி 26.3.
நிலைப்புப் பகுதி: ஒன்பது சோதனைகளில் இரண்டு இயலவில்லை, 20.
அசைவும் நிலைப்பும் இணைந்து 40.5. கால் குட்டையானதற்கு முதல் அரை அங்குலம் நீக்கி அடுத்த அரை அங்குலத்துக்கு 4. இதைக் கூட்டினால் 44.5; பின்னம் நீக்கி 44.

வலது காலுக்கு நிரந்தரப் பகுதி ஊனம்: 44%.

வலிக்குத் தனி மதிப்பெண் சேர்க்கவில்லை. நெடுநேரம் நின்றால் வலிப்பதாகச் சொல்கிறார். இந்தக் காயத்துக்கு அது இயல்பானதே. ஆனால் அசைவு, நிலைப்பு அளவுகளில் அதன் விளைவு ஏற்கெனவே வந்துவிட்டது.

மனுதாரர் தரப்புச் சான்றிதழில் 60% எனக் காணப்படுகிறது. அது எலும்பு சேர்வதற்கு முன் தரப்பட்டது. அந்நிலையில் இருந்த குறைபாட்டை நிரந்தரமானது எனக் கொள்ள இயலாது. மேலும் அதில் மதிப்புகள் சூத்திரத்தால் இணைக்கப்படாமல் நேரடியாகக் கூட்டப்பட்டுள்ளன. இன்றைய அளவுகளையே அப்படிக் கூட்டினால் 53 வரும்.

44% என்பது ஒரு காலுக்கான அளவு, முழு உடலுக்கானது அன்று. முழு உடலைப் பொறுத்து என் மதிப்பீடு 15%. காலின் ஊனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எனக் கொள்ளும் நடைமுறையை ஒட்டிய கருத்து இது. மேற்கண்ட சூத்திரத்திலிருந்து கிடைத்தது அன்று. வருமான இழப்பைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் பொறுப்பு என்பதை உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாக்கியுள்ளது. அதற்கு உதவக்கூடிய மருத்துவ உண்மைகள் மட்டும் கீழே.

தொழிலும் எதிர்காலச் சிகிச்சையும்

தரை ஓடு பதிப்பது, அடித்தளக் கட்டு வேலை போன்று குத்துக்காலிட்டுச் செய்யும் வேலைகள் இயலாது. சாரத்தின் மீது ஒற்றைக் காலில் எடை தாங்க நேர்வதால் அது பாதுகாப்பானதன்று, அனுமதிக்க மாட்டேன். தரையில் நின்றபடி சுவர் கட்டுவது, பூசுவது ஆகியவற்றை இடைவெளி விட்டுச் செய்யலாம். சிமெண்ட் மூட்டை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

விபத்து நாளிலிருந்து 2023 மே இறுதிவரை எந்த உடலுழைப்பும் செய்ய இயலாத நிலை. விடுவித்தபின் முதல் மூன்று மாதம் குளிக்கவும் கழிப்பறை செல்லவும் ஒருவர் உதவி தேவைப்பட்டிருக்கும்.

நெயில் இன்னும் உள்ளே உள்ளது. முழங்கால் முன்புற வலி நீடித்தாலோ சீழ் பிடித்தாலோ அகற்ற வேண்டிவரும். அரசு மருத்துவமனையில் இதைக் கட்டணமின்றிச் செய்யலாம். வலது செருப்பில் 1.5 செ.மீ. உயரம் சேர்க்கப் பரிந்துரைத்துள்ளேன். தேயும்போது மாற்ற வேண்டும். உயரம் சேர்த்தாலும் மேற்கண்ட ஊன அளவு குறையாது.

நான் நேரில் பரிசோதித்ததன் அடிப்படையிலும் மேற்கண்ட ஆவணங்களின் அடிப்படையிலும் இந்த அறிக்கை தரப்படுகிறது. தீர்ப்பாயம் அழைத்தால் எக்ஸ்ரே படங்களுடன் நேரில் சாட்சியம் அளிப்பேன்.

ஒப்பம்,
எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர்,
அரசு மருத்துவமனை
நாள்: 10.11.2023