ஒரு சம்பங்கி மாலை

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் செல்வி எழுதினாள்: அரளி மாலை 12, அறுபது வீதம் 720. சம்பங்கி 7, நூற்றைம்பது வீதம் 1,050. கல்யாண ரோஜா மாலை ஒரு ஜோடி 800. ஆக 2,570.

சுருக்குப்பையைக் கவிழ்த்தாள். ஈரத்தில் ஒட்டிப்போன தாள்களைப் பிரித்துப் பிரித்து எண்ணினாள்; ஒரு பத்து ரூபாயில் சம்பங்கி இதழ் அப்பியிருந்தது. போனில் வந்ததைச் சேர்த்தும் 2,420தான்.

"நூத்தம்பது இடிக்குதும்மா. ஒரு சம்பங்கிக்குக் காசே வரல."

அம்மா மிச்ச வாழைநாரைத் தண்ணீரில் முக்கி ஈரச்சாக்கில் சுருட்டினாள்.

"மூட்டை தூக்குவாரே, அந்தத் தாத்தா... மத்தியானம் பேரன் வந்து நின்னான். அவன்கிட்ட எப்படிக் கண்ணு காசு கேக்கறது?"

முந்தாநாள்கூடப் பனமரத்துப்பட்டி அரளி மூட்டையை இறக்கிவிட்டு, "என்ன டீச்சரம்மா, கணக்கு சரியா?" என்று கேட்டவர்.

செல்வி 7ஐ அடிக்கவில்லை. அதன் கீழே, சின்னதாக, 'தாத்தா 1' என்று எழுதினாள். கேட்டைப் பூட்ட வாட்ச்மேன் விசில் ஊதினார்.