உப்புநீரில் பச்சைப்பயறு: இரண்டாம் வரைவுக்கான திருத்தக் குறிப்புகள்

மலர்,

அறிக்கையை இரண்டு முறை படித்தேன். சோதனை நன்றாகவே அமைந்திருக்கிறது: ஐந்து கரைசல், கரைசலுக்கு மூன்று தட்டு, தட்டுக்குப் பத்து விதை. குறையெல்லாம் எழுத்தில்தான். செய்முறையில் காலம் தாவுகிறது; முடிவுரையோ அட்டவணையில் இல்லாததைப் பேசுகிறது. பென்சிலில் இருப்பவை மொழித் திருத்தங்கள், அப்படியே ஏற்றுக்கொள். சிவப்பு வட்டமிட்ட நான்கு இடங்களில் நான் கை வைக்கவில்லை. அவற்றுக்கு உன் குறிப்பேடுதான் பதில் சொல்ல வேண்டும்.

செய்முறை

நீ எழுதியது:

"150 பச்சைப்பயறு விதைகளை எடுத்துக்கொள்ளவும். 100 மி.லி. நீரில் 0.5 கிராம் உப்பைக் கரைக்கிறேன். பிறகு தட்டுகளில் பஞ்சு பரப்பப்பட்டது. ஒவ்வொரு தட்டிலும் 10 மி.லி. கரைசல் ஊற்றுவேன். நான்கு நாட்களில் விதைகள் முளைத்தது."

முதல் வாக்கியம் பாடநூலின் கட்டளை. இரண்டாவது, செய்துகாட்டிக்கொண்டே பேசும் நிகழ்காலம். நான்காவது, சோதனைக்கு முன் நீ கொடுத்த திட்டத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலிருக்கிறது. செய்து முடித்த வேலையைச் சொல்வதால் எல்லாம் இறந்தகாலத்துக்கு வர வேண்டும். "பரப்பப்பட்டது" இறந்தகாலம்தான், ஆனால் பக்கத்து வாக்கியங்களில் "நான்" செய்யும்போது இது மட்டும் யாரோ செய்ததுபோல் நிற்கிறது. நீ தனியாகச் செய்ததால் "-ஏன்" முடிவையே கடைசிவரை வைத்துக்கொள். ஐந்தாவதில் "விதைகள்" பன்மை, எனவே "முளைத்தன". இதே பிழை இன்னும் ஆறு இடங்களில் இருந்தது, திருத்திவிட்டேன். அந்த வாக்கியம் செய்முறையே அல்ல, முடிவு. அதை அட்டவணைக்குக் கீழே நகர்த்தியிருக்கிறேன்.

திருத்திய வடிவம் (மற்ற கரைசல்களின் அளவை உன் பொருள்கள் பட்டியலிலிருந்து எடுத்தேன்):

"நான்கு முகவைகளில் தலா 100 மி.லி. நீர் எடுத்து, முறையே 0.5, 1.0, 1.5, 2.0 கிராம் உப்பைக் கரைத்தேன். ஐந்தாவது முகவையில் உப்பில்லாத நீரை வைத்தேன். 15 தட்டுகளில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றிலும் 10 விதைகளை வைத்தேன். ஒவ்வொரு கரைசலையும் மூன்று தட்டுகளில், தட்டுக்கு 10 மி.லி. வீதம் ஊற்றினேன்."

இதைப் பார்த்துவிட்டு அறிக்கை முழுவதையும் இறந்தகாலமாக்கிவிடாதே. அறிமுகத்தில் ஏற்கெனவே அந்த விபத்து நடந்திருக்கிறது: "விதை முளைப்பதற்கு முன் நீரை உறிஞ்சிப் பருத்தது." உன் தட்டில் நடந்ததை அல்ல, எந்த விதைக்கும் பொதுவானதைச் சொல்கிறாய், அதனால் "பருக்கும்". "உப்பு நீரில் கரையும்" சரி. "அட்டவணை 1 காட்டுகிறது" என்பதும் சரி, அட்டவணை இப்போதும் அங்கேதானே இருக்கிறது. கருதுகோளில் இரண்டு காலம் சேர்ந்து வரும்: "குறையும் என எதிர்பார்த்தேன்." எதிர்பார்த்தது அன்று, குறைவது அதற்குப் பின். அதைத் தொடாதே.

சிவப்பு வட்டங்கள்

மூன்றாம் நாள் "மீண்டும் 5 மி.லி. ஊற்றினேன்" என்கிறாய். எதை? வெறும் நீரா, அதே கரைசலா? தட்டிலிருந்து நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். வெறும் நீர் என்றால் செறிவு முதல் நாள் அளவை ஒட்டியே இருந்திருக்கும். கரைசல் என்றால் தட்டில் உப்பு கூடியிருக்கும். நடுவர் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

"முளைத்தது" என்று எதைக் கணக்கிட்டாய்? தோல் வெடித்தாலே போதுமா, வேர் 2 மில்லிமீட்டராவது வெளியே வந்திருக்க வேண்டுமா? எந்த அளவுகோலை வைத்து எண்ணினாயோ அதை ஒரே வாக்கியத்தில் செய்முறையில் சேர். இப்போது புதிதாக ஒன்றை உண்டாக்காதே.

செய்முறையில் நான்கு நாள், அட்டவணைத் தலைப்பில் "ஐந்தாம் நாள்". விதை வைத்த நாளை முதல் நாளாக எண்ணியிருந்தால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் படிப்பவருக்கு அது தெரியாது.

1.0 கிராம் வரிசையில் 8, 6, 7 என்று இருக்கிறது. சராசரி 7.0. பத்தியில் 7.3 என்கிறாய். கணக்கு தவறா, அட்டவணையில் ஓர் எண் தவறா என்பதை என்னால் சொல்ல முடியாது. கீழே அட்டவணையை நம்பியே எழுதியிருக்கிறேன்.

முடிவுரை

உன் எண்கள், 30 விதைக்கு எத்தனை முளைத்தன என்று:

| 100 மி.லி. நீரில் உப்பு | முளைத்தவை | விழுக்காடு |
|---|---|---|
| 0 கிராம் | 29 | 97 |
| 0.5 கிராம் | 28 | 93 |
| 1.0 கிராம் | 21 | 70 |
| 1.5 கிராம் | 9 | 30 |
| 2.0 கிராம் | 1 | 3 |

இனி உன் வாக்கியங்களை இதன்மேல் வைத்துப் பார்ப்போம்.

"சிறிதளவு உப்புகூட முளைப்பைக் குறைத்தது." 29, 28: ஒரே ஒரு விதை வேறுபாடு. உப்பில்லாத தட்டுகளுக்குள்ளேயே ஒன்றில் 9, மற்ற இரண்டில் 10 முளைத்திருக்கிறது. இதை வைத்துக் குறைந்தது என்று சொல்ல முடியாது.

"ஒவ்வொரு அரை கிராமுக்கும் முளைப்பு சீராகக் குறைந்தது." படிப்படியாகக் குறைந்தவை 1, 7, 12, 8 விதைகள். சீராக இல்லை. கருதுகோளில் சீராகக் குறையும் என்று எழுதியதால் இங்கேயும் அந்தச் சொல் வந்துவிட்டது என நினைக்கிறேன். கருதுகோள் பாதி பொய்த்தால் அப்படியே எழுது, மதிப்பெண் போகாது. பின்னால் போய்க் கருதுகோளை மாற்றி எழுதுவதுதான் தவறு.

"2 கிராமில் ஒரு விதைகூட முளைக்கவில்லை." ஒன்று முளைத்தது.

"உப்பு எல்லாத் தாவரங்களின் விதைகளையும் கொன்றுவிடும் என்று நிரூபித்தேன்." இங்கே மூன்று சிக்கல். சோதித்தது பச்சைப்பயறு மட்டும். முளைக்காத விதை செத்த விதை என்று சொல்ல, அவற்றைக் கழுவி நல்ல நீரில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "நிரூபித்தேன்" என்பது 150 விதைகளுக்குக் கனமான சொல்.

"நாற்றுகள் குட்டையாக இருந்தன." நீளத்துக்கு அட்டவணை இல்லை. அளந்த எண்கள் இருந்தால் சேர், இல்லையென்றால் அடித்துவிடு.

"உப்பு, விதைக்குள் நீர் செல்வதைத் தடுத்தது." நல்ல விளக்கம், ஆனால் நீ பார்த்த முடிவல்ல. விதைகளை ஊறவைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டிருந்தால் "தடுத்தது" எனலாம். இப்போதைக்கு "தடுத்திருக்கலாம்".

மாற்றாக:

"100 மி.லி. நீரில் 0.5 கிராம் உப்பு இருந்தபோது, முளைத்த பச்சைப்பயறு விதைகளின் எண்ணிக்கை (28) உப்பில்லாத நீரில் முளைத்ததற்கு (29) கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. 1.0 கிராமில் 21, 1.5 கிராமில் 9, 2.0 கிராமில் 1 என எண்ணிக்கை குறைந்தது. உப்பு கூடினால் முளைப்பு குறையும் என்ற கருதுகோளை 1.0 கிராம் முதலான முடிவுகள் ஆதரிக்கின்றன. ஆனால் நான் எதிர்பார்த்தபடி குறைவு சீராக இல்லை. கரைசலின் உப்பு, விதை நீரை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். அதை இச்சோதனையில் அளக்கவில்லை. முளைக்காத விதைகள் உயிரோடு இருந்தனவா என்பதையும் சோதிக்கவில்லை."

இதில் நடந்தது இறந்தகாலத்திலும், "ஆதரிக்கின்றன" நிகழ்காலத்திலும், விளக்கம் "-இருக்கலாம்" வடிவிலும் நிற்பதைக் கவனி.

கடைசியாக, காட்சிப் பலகையின் தலைப்பு "உப்பு: விதைகளின் எமன்!" அறிக்கையைத் திருத்திவிட்டுப் பலகையை அப்படியே விட்டால் நடுவர் முதலில் படிப்பது அதைத்தான். "உப்பின் அளவும் பச்சைப்பயறு முளைப்பும்" என்று மாற்று. நான்கு வட்டங்களுக்கும் பதிலை, குறிப்பேட்டுப் பக்கங்களின் படத்தோடு அனுப்பு; மூன்றாம் வரைவில் அவற்றைப் பொருத்திப் பார்க்கிறேன்.