பயிற்சி 4: தேத்தண்ணி கலக்குபவர் பல்டி அடித்தால்

இடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை. இரவு 11 மணிக்குக் கல்லாப்பெட்டியிலிருந்து 1,200 ரிங்கிட் காணாமல் போகிறது. பரிமாறும் செல்வம் மீது தண்டனைச் சட்டம் 380ஆம் பிரிவில் குற்றச்சாட்டு. கல்லாவைச் செல்வம் திறந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று தேத்தண்ணி கலக்குபவர் போலீஸில் வாக்குமூலம் தந்திருக்கிறார். கூண்டில் ஏறி, அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிபிபி கேட்கத் தொடங்கியதும் கதை மாறுகிறது. கீழே உள்ளதை முதலில் சத்தமாக வாசியுங்கள், அப்புறம் நடியுங்கள்.

டிபிபி: அன்று இரவு கல்லாப் பக்கம் யாரைப் பார்த்தீர்கள்?

சாட்சி: யாரையும் பார்க்கவில்லை ஐயா. கேஷியர்தான் சொன்னார், செல்வம் எடுத்தான் என்று.

எதிர்த்தரப்பு: ஆட்சேபம், துவான். செவிவழிச் சாட்சியம். கேஷியரையே கூப்பிடட்டும்.

மாஜிஸ்திரேட்: ஏற்கிறேன்.

டிபிபி: துவான், சாட்சி வாக்குமூலத்துக்கு நேர்மாறாகப் பேசுகிறார். சாட்சியச் சட்டம் 154ஆம் பிரிவின்படி இவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்.

மாஜிஸ்திரேட்: அனுமதிக்கிறேன்.

டிபிபி: செல்வம் கல்லாவைத் திறந்ததைப் பார்த்தேன் என்று போலீஸில் சொன்னீர்கள், இல்லையா?

சாட்சி: அப்போது பயத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்.

டிபிபி: இல்லை, இப்போதுதான் பயம். போன வாரம் செல்வத்தின் அண்ணன் உங்களிடம் என்ன சொன்னார்?

எதிர்த்தரப்பு: ஆட்சேபம், இதுவும் செவிவழிதான்!

டிபிபி: அந்த வார்த்தை உண்மை என்று காட்டக் கேட்கவில்லை, துவான். அதைக் கேட்டு இவர் மனம் எப்படி மாறியது என்று காட்டத்தான்.

மாஜிஸ்திரேட்: ஆட்சேபத்தை நிராகரிக்கிறேன்.

சாட்சி: "தம்பி எடுத்ததைக் கோர்ட்டில் சொன்னால் நீ இந்த ஊரில் வேலை பார்க்க முடியாது" என்றார்.

இங்கே நிறுத்துங்கள், வம்பே இங்கேதான். டிபிபி பிடித்துக்கொண்டது 1956இல் லண்டன் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த சுப்பிரமணியம் வழக்கை, அதாவது நம்ம மலாயா வழக்கு: அவசரகாலத்தில் ஜொகூரில் தோட்டாக்களோடு பிடிபட்டவர், பயங்கரவாதிகள் தன்னை மிரட்டியபோது சொன்னதைச் சொல்ல முயன்றார், விசாரணை நீதிபதி செவிவழி என்று தடுத்தார், சொன்ன விஷயம் உண்மை என்று காட்ட அல்லாமல், அப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் காட்டுவதற்கு அது செவிவழி ஆகாது என்று பிரிவி கவுன்சில் அவரை விடுவித்தது. மிரட்டல் உள்ளே வருகிறது, சரி. ஆனால் அதே வாக்கியத்தின் வயிற்றில் "தம்பி எடுத்ததை" என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறதே? திருட்டுக்கு ஆதாரமாக அதை நீட்டினால் பச்சைச் செவிவழி. எதிர்த்தரப்பு உடனே எழுந்து, இந்தப் பதிலை எதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று துவானிடம் கேட்டு வாங்க வேண்டும். பாதிப் பேர் எழ மறந்துவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொரு பொறி. பழைய வாக்குமூலத்தைக் காட்டி 145ஆம் பிரிவில் முரண்பாட்டை நிறுவிவிட்டால் சாட்சியின் நம்பகத்தன்மை உடையும், அவ்வளவுதான். வாக்குமூலத்தில் உள்ளது அதனால் மட்டும் நிரூபணமாகிவிடாது. டிபிபியாக நடிப்பவர் முடிவுரையில் "பார்த்ததாக அவரே சொன்னாரே" என்று ஆரம்பித்தால் மதிப்பெண் கழிப்பேன்.

ஒரு தரப்புக்கு 12 நிமிடம். சாட்சியாக நடிப்பவர் டிபிபியின் கேள்விகளை முன்கூட்டியே பார்க்கக் கூடாது.